உறுதியான பங்கு கேட்ட செல்வத்துக்கு

கடலூர் முதுநகர்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. "கட்டாயம் ஏறுகிற பங்கு ஒன்றின் பெயரைச் சொல், மறைத்தால் இனி என் முகத்தில் விழிக்காதே" என்று எழுதியிருக்கிறாய். மறைத்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லையடா. அப்படி ஒரு பங்கு யாரிடமும் இருக்க முடியாது.

இங்கே துறைமுகத்தில் உன் அப்பா மீன் ஏலம் எடுத்த நாட்களை நினைத்துப் பார். வஞ்சிரம் நிறையப் பட்டிருக்கிறது என்று கடலிலிருந்து செய்தி வந்தால், படகு கரை சேரும் முன்பே விலை இறங்கிவிடும். அதற்குப் பிறகு நீ என் காதோடு வந்து சொன்னால் எனக்கு என்ன பயன்? பங்கு விலையும் அப்படித்தான். இன்று 100 ரூபாய்க்கு இருப்பது அடுத்த மாதம் 150 ஆவது உறுதி என்றால், இன்று 100க்கு உனக்கு விற்பவன் யார்? நீ வாங்கும்போதெல்லாம் எதிரே ஒருவர் விற்கிறார். பல சமயம் அவர் நம்மைவிட அதிகம் படித்தவர்.

வெளியே வராத உள்விஷயம் தெரிந்தால்? அதை வைத்து வாங்குவது குற்றம், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி பிடிக்கும். கணக்குப் புத்தகத்தை நம்பலாம் என்பாய். சத்யம் என்ற கணினி நிறுவனத்தின் கணக்கு தணிக்கையான கணக்குதான். 2009 ஜனவரி 7 அன்று தலைவரே அது பொய் என்று கடிதம் எழுதினார். முந்தைய நாள் 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு, அன்று மாலை 40 ரூபாய்.

டெலிகிராமில் பெயர் சொல்கிறவர்கள் முன்பே வாங்கி வைத்திருப்பார்கள். விற்பதற்கு நீ வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் ஒரு சின்ன நிறுவனத்தின் பெயரை ஒருவர் சொன்னார். நான்கு நாள் தொடர்ந்து அப்பர் சர்க்யூட், ஒரு நாளில் ஏற அனுமதித்த எல்லை வரை ஏற்றம். ஐந்தாம் நாளிலிருந்து லோயர் சர்க்யூட், இறங்க அனுமதித்த எல்லை வரை இறக்கம்; விற்க ஆர்டர் போட்டாலும் வாங்க ஆளில்லை. 60,000 போட்டதில் 9,000 மிஞ்சியது. (உன் அண்ணிக்கு முழுத்தொகை தெரியாது. இந்தக் கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டாதே.)

சீட்டு எடுத்த 2 லட்சம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்றாயே, அதை வங்கி வைப்பில் போடு. ஜூனில் தேவைப்படும் பணத்துக்குச் சந்தையில் வேலை இல்லை. பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணம் கையில் சேர்ந்தால், மாதம் கொஞ்சமாக, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையெல்லாம் சேர்த்து வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். அதுவும் உறுதி இல்லை: 2020 ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த நிஃப்டி குறியீடு, மார்ச்சில் 8,000க்குக் கீழே போனது. நானும் அப்போது இரவெல்லாம் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கண் காட்ட புதுச்சேரி வருகிறேன். பதினோரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நில். நெத்திலிக் கருவாடு கொண்டு வருகிறேன். கோபத்தை அதை வாங்கிக்கொண்ட பிறகு காட்டு.

உன்,
குமரன்