சனிக்கிழமை சமைத்துக் காட்டியது பற்றி

வணக்கம் அக்கா,

சனிக்கிழமை முழுக்க உங்கள் அடுப்படியில் என்னை நிற்க விட்டதற்கு நன்றி. கிளம்பும் நேரத்தில் கல்லாவில் கூட்டம். அண்ணன் பேசியபடி எண்பது ரிங்கிட்டைக் கையில் கொடுத்து "அப்புறம் பேசிக்குவோம்" என்றார். நின்று பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். கடை சாத்திய பிறகு படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை எனக்கு வேண்டும். இப்போது இருக்கும் தொழிற்சாலைக் கேன்டீனில் காயில் உப்பு குறைந்தால்கூடக் கேட்க ஆள் இல்லை, தட்டை வழித்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடிவிடுவார்கள். உங்கள் கடையில் அப்படி இல்லை. இலையில் ரசம் ஊற்றியதுமே ஒரு பெரியவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னைக்குப் பெரியம்மா இல்லையா?" என்று கேட்டார். மிளகு கூடிப்போச்சு என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த சட்டியில் குறைத்துப் போட்டேன், அவரும் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார்.

பெரியம்மாவுக்கு முட்டி வலி இருந்தும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். அவருடைய மசாலா அளவை மாற்ற நான் வரவில்லை. மீன் குழம்புக்கு அவர் வெந்தயம் தாளிக்கும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை என்பதும் உண்மை. வாரத்தில் இரண்டு நாளாவது அவர் வந்து உட்கார்ந்தால் போதும், ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வேன். வாடிக்கையாளர்களும் கை மாறியதை உணராமல் இருப்பார்கள்.

ஆனால் மூன்று விஷயத்தைப் பார்த்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆட்டிறைச்சிப் பிரட்டல். ஐஸ்கட்டியாக இருந்த கறியைக் காலையில் பைப்புத் தண்ணீரில் போட்டு, பாதி இறுகியிருக்கும்போதே சட்டியில் கொட்டினார்கள். கறி தண்ணீராக விட்டது. வெங்காயம் சிவக்கவில்லை, மசாலா வதங்கவில்லை, வெந்துதான் போனது. அந்தத் தண்ணீர் வற்றும்வரை காஸ் எரிந்துகொண்டே இருந்தது. முந்தின இரவே கறியைப் பிரீசரிலிருந்து எடுத்து, கீழே தட்டு வைத்து சில்லரின் அடித்தட்டில் வைத்தால் காலையில் மெதுவாக இளகியிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டுச் சட்டியில் போட்டால் சீக்கிரம் பிரளும், கறியும் மென்மையாக இருக்கும். மேல்தட்டில் மட்டும் வைக்கக் கூடாது, ரத்தத் தண்ணீர் காய்கறியில் சொட்டும்.

அடுத்தது தோசை மாவு. மதியம் நான்கு மணிக்கு அரைத்து விடிய விடிய வெளியில் வைக்கிறீர்கள். நம் ஊர் வெக்கைக்கு அது அதிகம். ஐந்தரைக்கு மூடியைத் திறந்ததும் புளிப்பு வாடை முகத்தில் அடித்தது, நுரையும் படுத்துவிட்டது. புளிப்பை மறைக்கத்தான் தம்பி சீனி போடுகிறார் என்று நினைக்கிறேன். அரைக்கும் நேரத்தை மாற்ற வேண்டாம், ஆள் கிடைக்க வேண்டுமே. கடை சாத்தும்போது மாவு பொங்கியிருந்தால் அப்படியே சில்லரில் தள்ளிவிடலாம். காலையில் முதலில் வருபவர் எடுத்து வெளியே வைத்தால் சரி.

மூன்றாவது சின்னது. பாவக்காய் வறுவல் ஒரு மணிக்கே தீர்ந்தது, கோபிஸ் ஒரு டிரே முழுக்க மிஞ்சியது. ஆனால் இதை வைத்து நான் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளத்தை 7ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும் என்பது சட்டம், அதனால் தோட்டம், தொழிற்சாலை எல்லாமே அந்த வாரம்தான் கையில் காசு பார்க்கும். நான் வந்தது அப்படிப்பட்ட சனிக்கிழமை. மாதக் கடைசியில் ஒரு நாள் நின்று பார்த்தால்தான் அளவு பிடிபடும். புரட்டாசியில் கணக்கே வேறு. கறி ஓடாது, அப்போது காய்வகை கூட்டிப் போட எனக்குத் தெரியும்.

தம்பி நல்ல பையன், கை வேகம். ஆனால் டைபாய்டு ஊசி இன்னும் போடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிப்படி ஊசியும் உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழும் அடுப்படியில் நிற்கும் எல்லோருக்கும் கட்டாயம். சுகாதார அதிகாரி வந்தால் முதலில் கேட்பதும் அதுதான், அபராதம் கடைக்கும் வரும். என்னிடம் இரண்டும் இருக்கிறது. ஊசி போன வருடம் போட்டது, மூன்று வருடத்துக்குச் செல்லும். நகல் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

சரி, சம்பளம். நீங்கள் 1,900 ரிங்கிட் என்றீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700, அதைவிடக் கூடத்தான் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் காலைப் பசியாறலும் மதிய இலைச் சாப்பாடும் இரண்டுமே என் பொறுப்பு என்றால் 2,000 கொடுங்கள். சேமநிதியும் சொக்சோவும் முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டும். 2,000க்குச் சேமநிதியில் உங்கள் பங்கு 13 விழுக்காடு, 260 ரிங்கிட். அதையும் சேர்த்து அண்ணனோடு கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். இதைக் கட்டாமல் சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றால் எனக்கு வேண்டாம் அக்கா. அப்படி ஒரு கடையில் வருடக்கணக்கில் நின்ற என் சித்தி இப்போது கையில் ஒன்றுமில்லாமல் இருக்கிறார்.

நேரம்: காலை 5.30லிருந்து 2.00 வரை, இடையில் மொத்தம் ஒரு மணி ஓய்வு. அப்படியானால் நாளுக்கு ஏழரை மணி, ஆறு நாளில் 45. சட்டம் சொல்லும் வார வரம்பும் அதுவே. திங்கட்கிழமை கடை அடைப்பு என்பதால் என் ஓய்வு நாளும் தானாகச் சரியாகிவிட்டது. தீபாவளி ஆர்டர், கல்யாண ஆர்டர் என்று அதற்கு மேல் நின்றால் அதை மிகைநேரமாகத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே சொன்னால் மட்டும் போதும்.

இன்னொன்று, தட்டு கழுவுவது, மேசை துடைப்பது எல்லாம் கூட்ட நேரத்தில் கட்டாயம் செய்வேன். ஆனால் கல்லாவில் உட்காரச் சொல்லாதீர்கள். அடுப்பில் சட்டி இருக்கும்போது காசு எண்ண எனக்கு வராது.

வருவது போவது பற்றி அண்ணன் கேட்டார். செம்பனைக்குள் வரும் தோட்டத்துச் சாலையில் விடிகாலை விளக்கு கிடையாது, நடுரோட்டில் மாடு படுத்திருக்கும். அதனால் மகன்தான் மோட்டாரில் கொண்டுவந்து விடுவான், அவனுக்கு சுங்கை சிப்புட்டில்தான் வேலை. திரும்பிப் போவதை நான் பார்த்துக்கொள்வேன்.

கேன்டீனில் நான் சேர்ந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை, அதனால் நான்கு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். உங்கள் முடிவு தெரியாமல் அந்தக் கடிதத்தைக் கொடுக்க மாட்டேன். புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேறு ஆளைப் பார்க்கிறீர்கள் என்றாலும் சொல்லிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். சேர்த்துக்கொள்வதாக இருந்தால் சம்பளம், நேரம், சேமநிதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். முன்னறிவிப்பு ஓடும் வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு, பெரியம்மா இருக்கும்போது வந்து பழகிக்கொள்வேன், அந்த நாளுக்கு அதே எண்பது ரிங்கிட் போதும்.

பகலில் போனை லாக்கரில் வைத்துவிடுவோம். இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுவிடுங்கள்.

அப்புறம், என்னுடைய நீல ஏப்ரன் அரைக்கும் மிஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தம்பியிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மல்லிகா