4 மே 2026 முதல் இணையப் படிவம் வழி முன்பதிவு: நோயாளிகளுக்கு அறிவிப்பு

செந்தூல் கிளினிக்கிற்கு வரும் அனைவருக்கும் வணக்கம்.

வரும் திங்கட்கிழமை, 4 மே 2026 முதல், பகல் நேரத்தில் மருத்துவரைப் பார்க்க இணையப் படிவத்தில் முன்பதிவு செய்யலாம். காலை 7 மணிக்கே வந்து எண் எடுத்து, பசியோடு பெஞ்சில் காத்திருக்கும் பெரியவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம். நேரடியாக வருகிறவர்களை யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. அதைப் பின்னால் விளக்கியிருக்கிறோம்.

முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். படிவத்தை அனுப்பிவிட்டதாலேயே இடம் கிடைத்துவிட்டதாக ஆகாது. அனுப்பியவுடன் திரையில் "விண்ணப்பம் கிடைத்தது" என்று மட்டுமே வரும். கவுண்டரில் இருப்பவர் அதைப் பார்த்து, அன்றைக்கு எந்த மருத்துவர் பணியில் இருக்கிறார், கேட்ட தடுப்பூசி கையிருப்பில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு, உங்கள் வாட்ஸ்அப்புக்கு நாள், நேரம், பதிவு எண் மூன்றும் உள்ள செய்தி வரும். அந்தச் செய்தி வந்தால்தான் உங்கள் இடம் உறுதி. கிளினிக் திறந்திருக்கும் வேளையில் அனுப்பினால் 2 மணி நேரத்துக்குள் பதில் வரும். இரவில் அனுப்பினால் மறுநாள் காலை 10 மணிக்குள் வரும். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், பெரும்பாலும் தொலைபேசி எண்ணைத் தவறாக எழுதியிருப்பீர்கள். உங்கள் மருந்து உறையில் அச்சிட்டிருக்கும் எங்கள் எண்ணுக்கு அழையுங்கள்.

படிவத்தைத் திறப்பது

கவுண்டரிலும், நுழைவாயில் கண்ணாடியிலும், புதிய மருந்து உறையின் பின்பக்கத்திலும் கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறோம். கைப்பேசியின் கேமராவை அதன் மேல் காட்டினால் இணைப்பு வரும், அதைத் தொடுங்கள். தனியாக எந்தச் செயலியும் இறக்க வேண்டாம். கேமரா பிடிக்கவில்லை என்றால் எங்கள் வாட்ஸ்அப்புக்கு "படிவம்" என்று ஒரே சொல்லை அனுப்புங்கள், இணைப்பை அனுப்பிவைப்போம். மேல் வலது மூலையில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். மொழியை முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதியில் மாற்றினால் அதுவரை எழுதியது அழிந்துவிடும்.

பெயர், ஐசி, தொலைபேசி

ஐசி எண்ணை 12 இலக்கமாக, நடுவில் கோடோ இடைவெளியோ இல்லாமல் எழுதுங்கள். உங்கள் கோப்பை நாங்கள் தேடுவது பெயரை வைத்தல்ல, இந்த எண்ணை வைத்துத்தான். ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஓர் இலக்கம் மாறினால் பழைய கோப்பு கிடைக்காமல் புதுக் கோப்பு திறந்துவிடும், அதில் உங்கள் மருந்து ஒவ்வாமைக் குறிப்பு இருக்காது. இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள் என்று கேட்பது அதனால்தான். குழந்தைக்கு மைகிட் எண்ணை எழுத வேண்டும், தாயின் ஐசியை அல்ல. வெளிநாட்டவர் "கடப்பிதழ்" என்பதைத் தேர்ந்தால் எழுத்தும் எண்ணும் கலந்து எழுதலாம்.

பெயரை ஐசியில் உள்ளபடி எழுதுங்கள். ஆனால் `A/L`, `A/P` என்பதில் உள்ள சாய்கோட்டைப் படிவம் ஏற்காது, சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். கோட்டை விட்டுவிட்டு `AL`, `AP` என்று எழுதினால் போதும்.

தொலைபேசி எண்ணை 01 என்று தொடங்கி எழுதுங்கள். முன்னால் 60 என்பது ஏற்கெனவே இருக்கிறது, அங்கே மறுபடியும் 60 சேர்த்தால் செய்தி போகாது. 011 எண்களுக்கு 11 இலக்கம், மற்றவற்றுக்கு 10.

பெற்றோருக்காகப் பிள்ளைகள் நிரப்பும்போது அடிக்கடி நடக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. பெயர்க் கட்டத்தைத் தொட்டதும் கைப்பேசி தானாகவே அதன் சொந்தக்காரர் பெயரையும் எண்ணையும் நிரப்பிவிடும். அப்பாவுக்குப் பதிவு செய்யப்போய் மகன் பெயரில் பதிவாகும். "யாருக்காக?" என்ற முதல் கேள்வியில் "குடும்பத்தாருக்கு" என்பதைத் தொட்டால், நோயாளியின் பெயருக்கும் செய்தி வரவேண்டிய எண்ணுக்கும் தனித்தனிக் கட்டங்கள் திறக்கும். அம்மாவிடம் வாட்ஸ்அப் இல்லை என்றால் உங்கள் எண்ணையே கொடுக்கலாம்.

வருகைக்கான காரணம்

பலர் அவசரத்தில் தாண்டிப்போவது இந்தக் கேள்வியைத்தான். இதற்கு நீங்கள் தரும் பதிலை வைத்துத்தான் எத்தனை நிமிடம் ஒதுக்குவது என்று படிவம் கணக்கிடுகிறது. சளி, இருமல், தோல் அரிப்பு போன்றவற்றுக்கு 10 நிமிடம். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கான தொடர் சிகிச்சைக்கு 20 நிமிடம், ஏனென்றால் இரத்த அழுத்தம் எடுத்து, கால் பாதம் பார்த்து, மருந்து மாற்ற வேண்டியிருக்கும். குழந்தைத் தடுப்பூசிக்கு 15 நிமிடம். அதற்குக் குறைந்தது 3 வேலை நாள்கள் முன்பே பதிவு செய்யுங்கள். வேலைக்கான உடல் பரிசோதனைக்கு 30 நிமிடம், நிறுவனம் கொடுத்த பாரத்தையும் கொண்டு வரவேண்டும்.

"சும்மா சளி" என்று 10 நிமிடத்தைத் தேர்ந்துவிட்டு, உள்ளே வந்து மூன்று மாத மருந்தும் கால் புண்ணும் பேசினால் உங்களுக்கும் அரைகுறையாகத்தான் முடியும், உங்களுக்குப் பின்னால் இருப்பவரும் காத்திருக்க வேண்டும். இரண்டு காரணம் இருந்தால் நீண்ட நேரம் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மருந்து மட்டும் தீர்ந்துவிட்டது என்றாலும் தொடர் சிகிச்சையைத்தான் தேர வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை உறையோடு கொண்டு வாருங்கள். எத்தனை வேளை விட்டுப்போயிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வெளியே சொல்லத் தயக்கமான விஷயமாக இருந்தால் "மருத்துவரிடம் மட்டும் சொல்கிறேன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு 20 நிமிடம் ஒதுக்குவோம். கவுண்டரில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கீழே உள்ள குறிப்புக் கட்டத்தைக் கவுண்டர் ஊழியரும் படிப்பார் என்பதால் அதில் விவரமாக எழுத வேண்டாம். மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், சக்கர நாற்காலி தேவை, இவை மூன்றை மட்டும் எழுதினால் போதும்.

வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனை

இதற்கு திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.00 முதல் 9.30 வரை மட்டுமே இடம் உண்டு. முந்தின இரவு 10 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதன்பிறகு வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிப்பது நல்லதும்கூட, நரம்பு எளிதாகக் கிடைக்கும். சீனி போடாத கோப்பி, தேநீரும் வேண்டாம். இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம். இனிப்புநீர் மாத்திரையையோ இன்சுலினையோ அன்று காலை எடுக்காமல் கையோடு கொண்டு வாருங்கள், இரத்தம் எடுத்துச் சாப்பிடும்போது எடுத்துக்கொள்ளலாம். இடையில் கை நடுங்கி வியர்த்தால் பரிசோதனையைப் பற்றி யோசிக்காதீர்கள், உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். இரத்தப் பரிசோதனையை வேறு நாளில் செய்துகொள்ளலாம். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை.

நாளும் நேரமும்

இன்றிலிருந்து 14 நாள் வரைதான் நாள்காட்டி திறந்திருக்கும். பச்சையில் உள்ளவை காலி இடங்கள், சாம்பல் நிறத்தில் உள்ளவை நிரம்பியவை. முன்பதிவு நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் 1 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை. சனிக்கிழமை காலை 8 முதல் 1 வரை மட்டும். ஞாயிறும் பொது விடுமுறைகளும் இல்லை.

நாளைக் கையால் தட்டி எழுதாமல் நாள்காட்டியைத் தொட்டே தேர்ந்தெடுங்கள். சில கைப்பேசிகளில் அமெரிக்க முறை அமைந்திருக்கும், அதில் மாதம் முதலில் வரும். ஜூன் 5 என்று நினைத்து 05/06/2026 என எழுதினால் மே 6 ஆகப் பதிவாகிவிடும். அனுப்புவதற்கு முன் கடைசிப் பக்கத்தில் மாதப் பெயரும் கிழமையும் எழுத்தில் வரும். கிழமையைப் பார்த்தாலே தவறு பிடிபட்டுவிடும்.

"அனுப்பு" பொத்தானை ஒரே முறை அழுத்துங்கள். இணையம் மெதுவாக இருந்தால் 20, 30 வினாடி சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது பின்னால் போய் மறுபடி அனுப்பினால் ஒருவருக்கே இரண்டு இடம் போய்விடும், இன்னொருவருக்கு இல்லாமல் போகும்.

படிவத்துக்குக் காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென முகம் கோணுவது, கை கால் விழுந்துபோவது, நிற்காத இரத்தப்போக்கு: உடனே 999. அல்லது ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலும் அப்படியே.

டிங்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்து. காய்ச்சல் இறங்கும் அந்த நாள்களில்தான் நிலைமை மோசமாகலாம். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு ஏதேனும் தெரிந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். டிங்கி இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரோபன், ஆஸ்பிரின் சாப்பிட வேண்டாம். ஆஸ்பிரின் ஏற்கெனவே மருத்துவர் தினமும் கொடுப்பது என்றால் உடனே அழைத்துக் கேளுங்கள்.

சாதாரணக் காய்ச்சல், வெட்டுக்காயம், வயிற்றுப்போக்கு, அன்றைய எம்சி ஆகியவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை, எப்போதும்போல் வரலாம். ஒவ்வொரு மணி நேரத்திலும் 2 இடங்களை நேரடியாக வருகிறவர்களுக்கென விட்டுவைத்திருக்கிறோம். மாலை 6.30 முதல் 9.30 வரையிலான நேரம் முழுக்க அவர்களுக்குத்தான்.

வரும் நாளில்

10 நிமிடம் முன்னதாக வாருங்கள். ஐசியும், கம்பெனி பேனல் என்றால் அதன் அட்டையும், குழந்தை என்றால் சுகாதாரப் பதிவுப் புத்தகமும் வேண்டும். பேனல் சரிபார்ப்புக்குச் சில நிமிடம் பிடிக்கும், படிவம் அதைச் செய்யாது. 10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் உங்கள் இடம் அடுத்தவருக்குப் போகும், ஆனால் உங்களை நேரடி வருகையாளராகச் சேர்த்துப் பார்ப்போம். வர முடியாவிட்டால் உறுதிச் செய்திக்கு "ரத்து" என்று பதில் அனுப்புங்கள். 3 மணி நேரம் முன்பே தெரிந்தால் வேறொருவரை அழைக்க முடியும். கட்டணமோ அபராதமோ கிடையாது.

முன்பதிவுக்குப் பணம் வாங்குவதில்லை. டிஏசி எண்ணையோ வங்கி விவரத்தையோ ஐசியின் படத்தையோ நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம். கிளினிக்கின் பெயரில் யாராவது கேட்டால் பதில் தராமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

கைப்பேசி பழக்கம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பிற்பகல் 2 முதல் 4 வரை தொலைபேசியில் அழைத்தாலோ நேரில் வந்தாலோ, கவுண்டரில் இருப்பவரே உங்களுக்காகப் படிவத்தை நிரப்பி, நாளையும் நேரத்தையும் சந்திப்பு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தருவார். ஐசியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் நிர்வாகம்
செந்தூல், கோலாலம்பூர்