உன் கட்டுரையில் வினைச்சொற்கள்: திருத்தமும் காரணமும்

முகிலா,

"பாட்டி வாழ்ந்த தோட்டம்" கட்டுரையைப் படித்துவிட்டேன். விஷயம் நல்ல விஷயம், பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் எல்லாம் பாட்டி வாயிலிருந்து வந்த ரப்பர் தோட்டத்துச் சொற்கள் என்பது தெரிகிறது, அதில் நான் கை வைக்கவில்லை. சிவப்பு மையில் நிறைய வட்டம் போட்டிருக்கிறேனே என்று பயந்துவிடாதே. பெரும்பாலும் ஒரே நாலைந்து தவறுதான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, அத்தனையும் வினைச்சொல்லில். எழுத்துப்பிழை, சந்திப் பிழையை இந்தக் குறிப்பில் சேர்க்கவில்லை, அது பிறகு.

முதலில் காலம். உன் கட்டுரையில் அதிகம் ஆட்டம் காண்பது இதுதான். இரண்டாம் பத்தியில் இப்படி எழுதியிருக்கிறாய்:

"பாட்டி தினமும் நான்கு மணிக்கு எழுவார். தலையில் விளக்கைக் கட்டிக்கொள்கிறார். இருட்டோடு காட்டுக்குப் போனார்."

மூன்று வாக்கியம், மூன்று காலம். படிக்கிறவனுக்கு இது ஒரு நாள் நடந்ததா, நாள்தோறும் நடந்ததா, இன்றைக்கும் நடக்கிறதா என்று புரியாது. முன்பு வழக்கமாகச் செய்த வேலையைச் சொல்லும்போது தமிழில் எதிர்கால வடிவத்தையே பயன்படுத்துவோம், அதனால் நீ முதலில் எழுதிய "எழுவார்" மிகச் சரி. அதையே பிடித்துக்கொண்டு போ: "எழுவார், கட்டிக்கொள்வார், போவார்." அப்புறம் நான்காம் பத்தியில் பாம்பு வந்த கதை வருகிறது பார், அது ஒரே ஒரு நாள் நடந்தது. அங்கே இறந்தகாலம் வேண்டும்: "பார்த்தார், கத்தினார், ஓடினார்." அங்கே நீ "கத்துவார்" என்று எழுதியதால் பாட்டி தினமும் பாம்பைப் பார்த்துக் கத்தியது போல ஆகிவிட்டது!

இன்னொன்றும் இதே வகை. "வெயில் ஏறினால் பால் குறைவாக வடிந்தது" என்கிறாய். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும், அதனால்தான் விடியுமுன்னே மரம் சீவப் போனார்கள். அது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை. எப்போதும் பொருந்தும் செய்திக்கு "வடியும்" என்று எழுது.

அடுத்தது, பன்மை. "லயங்கள் வரிசையாக இருந்தது", "மரங்கள் வெட்டப்பட்டது", "மாடுகள் மேய்ந்தது" என்று 9 இடத்தில் வருகிறது. எழுவாயில் "கள்" இருந்தால் அஃறிணை வினைமுற்றும் பன்மையில்தான் முடிய வேண்டும்: இருந்தன, வெட்டப்பட்டன, மேய்ந்தன. பேசும்போது நாம் யாரும் இதைப் பார்ப்பதில்லை, "மாடெல்லாம் மேஞ்சுச்சு" என்றுதான் சொல்வோம், நானும் அப்படித்தான். எழுத்தில் மட்டும் கவனம். "மரங்கள் காய்க்கும்" என்று நீ எழுதியது சரி, "காய்க்கும்", "வடியும்" போன்ற வடிவம் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றுதான், அதை மாற்றப் போய்விடாதே. கடைசிப் பத்தியில் "பத்து மரம் விழுந்தன" என்று எழுதியதற்கும் வட்டம் போடவில்லை. "கள்" இல்லாவிட்டாலும் "பத்து" என்ற எண் பன்மையைக் காட்டிவிடுகிறது.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று படி, இது பலருக்கும் வரும் குழப்பம்.

நீ எழுதியது: "மங்கு கீழே விழுந்து உடைத்தது."
திருத்தம்: "மங்கு கீழே விழுந்து உடைந்தது."

நீ எழுதியது: "பழைய லயத்தை இடிந்தார்கள்."
திருத்தம்: "பழைய லயத்தை இடித்தார்கள்."

நீ எழுதியது: "கோயில் திருவிழா நடத்தியது."
திருத்தம்: "கோயில் திருவிழா நடந்தது." அல்லது "தோட்ட மக்கள் கோயில் திருவிழாவை நடத்தினார்கள்."

தானாக நடப்பது ஒன்று, ஒருவர் மற்றொன்றின் மேல் செய்வது வேறொன்று. மங்கு தானாக உடைந்தது, அது எதையும் உடைக்கவில்லை. சந்தேகம் வந்தால் வினையைப் பார்த்து "எதை?" என்று கேள். "இடித்தார்கள்" - எதை? லயத்தை. பதில் இருக்கிறது, சரி. "உடைத்தது" - எதை? உன் வாக்கியத்தில் பதிலே இல்லை, அப்போது "உடைந்தது"தான். சேர்ந்தது, சேர்த்தது, நிறைந்தது, நிறைத்தது, கவிழ்ந்தது, கவிழ்த்தது - இந்த ஜோடிகளில் "ந்த்" வந்தால் தானாக, "த்த்" வந்தால் யாரோ செய்தது. ஆனால் எல்லா வினைக்கும் இது ஓடாது. திரும்பினார், திருப்பினார், ஓடியது, ஓட்டினார் என்று வேறு மாதிரி மாறுவதும் உண்டு, அதனால் "எதை?" கேள்வியை நம்பு. "பால் உறைந்தது" என்று எழுதியவன் அடுத்த வரியிலேயே "அமிலம் ஊற்றிப் பாலை உறைந்தார்கள்" என்கிறாய்! "பாலை உறைய வைத்தார்கள்" என்று இருக்க வேண்டும்.

நான்காவது, எச்சம். "காலையில் எழுந்து வெளியே இருட்டாக இருந்தது." எழுந்தது யார்? வாக்கியத்தின்படி இருட்டுதான் எழுந்திருக்கிறது. "எழுந்து" போன்ற வினையெச்சம் வந்தால் பொதுவாக அதைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்ய வேண்டும். ஆள் மாறினால் எச்சத்தையும் மாற்று: "பாட்டி எழுந்தபோது வெளியே இருட்டாக இருந்தது." அதேபோல "மணி அடித்து எல்லாரும் பெரட்டுக்கு ஓடினார்கள்" என்பது "மணி அடித்ததும் எல்லாரும் பெரட்டுக்கு ஓடினார்கள்". "மழை பெய்து ஆறு நிறைந்தது" மட்டும் சரியா என்று நீ கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். சரிதான், மழையால்தானே ஆறு நிறைந்தது, அப்படிக் காரண காரியமாக வருவதை ஏற்றுக்கொள்கிறோம்.

மரியாதை விஷயம் சுருக்கமாக. பாட்டி ஒரு வரியில் "சொன்னார்", அடுத்த வரியில் "போனாள்", பிறகு மறுபடியும் "வந்தார்". உன் பாட்டி, நீயே முடிவு செய், ஆனால் ஒன்றையே கடைசி வரை எழுது. நான் "ஆர்" விகுதியைத்தான் சொல்வேன். தோட்டத் துரையை மட்டும் "வந்தான், திட்டினான்" என்று எழுதியிருக்கிறாய், அது ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி வருகிறது, கோபத்தோடு எழுதினாய் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

சின்னச் சின்னது: "முயற்சித்தார்" வேண்டாம், "முயன்றார்" அல்லது "முயற்சி செய்தார்". முயற்சி என்பதே "முயல்" என்ற வினையிலிருந்து வந்த பெயர், அதை மறுபடி வினையாக்கத் தேவையில்லை. "அது எளிதான வேலை அல்ல" என்பதை "வேலை அன்று" என்று மாற்று. ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல. பத்திரிகையில் "அல்ல" என்றே எங்கும் வருகிறது, உண்மைதான், இருந்தாலும் எஸ்பிஎம் தேர்வுத் தாளில் வீணாக மதிப்பெண்ணை விடாதே. "வந்துட்டாங்க", "கெடச்சிச்சு" இரண்டும் பாட்டி பேசும் இடத்தில், மேற்கோள் குறிக்குள், அப்படியே இருக்கட்டும். நீ கதை சொல்லும் இடத்தில் "வந்துவிட்டார்கள்", "கிடைத்தது".

இரண்டாம் பத்தியையும் நான்காம் பத்தியையும் மட்டும் திருப்பி எழுதிக்கொண்டு வா, முழுக் கட்டுரையும் வேண்டாம். திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னே என் மேசையில் வைத்துவிடு. பாட்டியிடம் ஒன்று கேட்டு வா: செம்பனை போடப் பால்மரங்களை வெட்டியபோது அவர் எங்கே வேலைக்குப் போனார்? அதை எழுதாமலேயே லயத்தை இடித்த கதைக்குத் தாவிவிட்டாய்.

டீச்சர்