ஏர் ஃப்ரையரில் மசால் வடை: ஐந்து டீஸ்பூன் எண்ணெயில்

மசால் வடைக்கு வழக்கமாக அரைக்கும் மாவை அப்படியே தட்டி ஏர் ஃப்ரையரில் வைத்தால் வருவது வடை அல்ல. வெளியே வறண்டு, ஓரத்தில் கல்லாகி, நடுவில் மாவு மாவாக ஒன்று வரும். குறை இயந்திரத்தில் இல்லை. அந்த மாவு எண்ணெய்க்காகத் தயாரானது. காய்ந்த எண்ணெய் வடையின் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் சூட்டைக் கொடுக்கிறது. மேல் பரப்பில் உள்ள ஈரம் குமிழ் குமிழாக வெளியேறி, ஒரு நிமிடத்துக்குள் தோல் கட்டிவிடுகிறது. சூடான காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. ஈரத்தை அது மெதுவாகத்தான் இழுக்கும். அதனால் மாவிலேயே ஈரத்தைக் குறைத்து, வடையை மெலிதாகத் தட்டி, எண்ணெயைக் கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் மேலேயும் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மொறுமொறுப்பு வந்துவிடும்.

இந்த அளவுக்கு 14 முதல் 16 வடை வரும். நான்கு லிட்டர் கூடையில் இரண்டு முறையாக வேக வைக்கலாம்.

தேவையானவை

கடலைப்பருப்பு – 1 கப் (200 கிராம்)
வெங்காயம் – நடுத்தர அளவில் 1, பொடியாக நறுக்கியது
காய்ந்த மிளகாய் – 2
பச்சை மிளகாய் – 2, பொடியாக நறுக்கியது
சோம்பு – 1 டீஸ்பூன்
பூண்டு – 4 பல், தோலோடு
இஞ்சி – சிறு துண்டு
பட்டை – அரை விரல் நீளம்
கறிவேப்பிலை – 2 கொத்து, பொடியாக நறுக்கியது
கொத்தமல்லி, புதினா – நறுக்கியது, இரண்டும் சேர்த்து ஒரு கைப்பிடி
அரிசி மாவு – 1 டேபிள்ஸ்பூன்
உப்பு – முக்கால் டீஸ்பூன்
கடலை எண்ணெய் – 5 டீஸ்பூன் (மாவுக்கு 2, மேலே தடவ 3)

சோடா மாவு வேண்டாம். எண்ணெயிலேயே மசால் வடைக்கு அது தேவையில்லை, இதில் இன்னும் தேவையில்லை.

பருப்பு

எண்ணெயில் பொரிக்க இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். இங்கே மூன்று மணி நேரம் ஊற வையுங்கள். சரியாக ஊறாத பருப்பு காற்றில் வேகும்போது மேலும் காய்ந்து, பல்லைப் பதம் பார்க்கும். ஊறியதும் வடிதட்டில் கொட்டி இருபது நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். பருப்பைக் கையில் அள்ளிப் போட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. வேலை என்று பார்த்தால் இதுதான் வேலை. அவசரத்தில் இதைத் தாண்டிவிட்டால் பிறகு எத்தனை நிமிடம் கூட்டினாலும் அந்த ஈரம் நடுவிலேயே நின்றுவிடும்.

ஒரு டேபிள்ஸ்பூன் முழுப் பருப்பை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக இதைவிட அதிகம் வைப்போம், டீக்கடை வடையில் அங்கங்கே பருப்பு நீட்டிக்கொண்டிருப்பதுதானே அழகு. எண்ணெயில் அது நறுக்கென்று பொரியும். காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் பருப்பு மஞ்சள் கூழாங்கல்லாகிவிடும். அதனால் கொஞ்சமாகப் போட்டு, தட்டும்போது உள்ளே அழுத்திவிட வேண்டும்.

அரைப்பது

மிக்ஸியில் முதலில் காய்ந்த மிளகாய், சோம்பு, பட்டை, இஞ்சி, பூண்டு. இவை ஒன்றிரண்டாக உடைந்ததும் பருப்பைப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாம். ஓரத்தில் ஒட்டுவதைக் கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி ஒரு சுற்று. பாதி பருப்பு கொரகொரப்பாகவும், மீதி கொஞ்சம் நைசாகவும் இருப்பது பதம். எல்லாமே கொரகொரப்பாக இருந்தால் காற்றில் உதிரும், எல்லாமே நைசாகிவிட்டால் அடை மாதிரி கெட்டியாகும்.

இரண்டு டீஸ்பூன் எண்ணெயைச் சின்னக் கரண்டியில் காய்ச்சி, அரிசி மாவோடு சேர்த்து இதில் ஊற்றிப் பிசறுங்கள். தட்டைக்கு மாவு பிசையும்போது காய்ச்சிய எண்ணெய் விடுவோமே, அதே காரணம்தான். உள்ளே போகும் இந்த எண்ணெய் இல்லாவிட்டால் வடை சாப்பிடும்போது தொண்டையை அடைக்கும்.

அப்புறம் தனியே வைத்த பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா. கறிவேப்பிலையை முழு இலையாகப் போடாதீர்கள். கூடைக்குள் விசிறி சுற்றும்போது தளர்ந்த இலை பறந்துபோய் மேலே இருக்கும் கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும். அந்தக் கருகல் வாசனை எல்லா வடையிலும் ஏறிவிடும்.

வெங்காயமும் உப்பும் கடைசி. மெஷினைச் சூடு செய்யப் போட்ட பிறகு சேர்த்தால் போதும். உப்பு பட்டதும் வெங்காயம் தண்ணீர் விடத் தொடங்கும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மாவு நெகிழ்ந்திருக்கும். இரண்டாம் முறைக்கான மாவைத் தனியே வைத்து, வெங்காயத்தையும் உப்பையும் அதைத் தட்டும் நேரத்தில்தான் சேர்ப்பது என் வழக்கம்.

தட்டுவது

எலுமிச்சை அளவு உருண்டை, சுமார் 30 கிராம். உள்ளங்கையில் வைத்து அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில் தட்டுங்கள். ஆமை வடை என்ற பெயருக்கு ஏற்றபடி நடுவில் மேடு வைத்தால் அந்த மேடு வேகாது. தட்டையாகவே இருக்கட்டும். மேல் பரப்பை மட்டும் விரலால் மழமழப்பாகத் தேய்க்காதீர்கள். சொரசொரப்பான மேடுகள்தான் முதலில் சிவந்து மொறுமொறுப்பாகும்.

நேரமும் சூடும்

180 டிகிரியில் நான்கு நிமிடம் வெறும் கூடையைச் சூடாக்குங்கள். இதற்குச் செலவாகும் நான்கு நிமிடம் வீண் இல்லை. சூடான கம்பியில் பட்டதும் அடிப்பக்கம் உடனே இறுகத் தொடங்கும், ஒட்டவும் ஒட்டாது. கூடையில் பிரஷ்ஷால் எண்ணெய் தடவி, ஏழு எட்டு வடைகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் எண்ணெயை மெலிதாகத் தடவுங்கள். ஸ்ப்ரே டப்பா எண்ணெய் வேண்டாம், அதில் கலந்திருக்கும் சேர்மானங்கள் கூடையின் பூச்சில் பிசுபிசுப்பாகப் படிந்து நாளடைவில் அதைக் கெடுக்கும். காகிதம் போடுவதும் வேண்டாம், அடியில் காற்று போகாது.

180 டிகிரியில் ஒன்பது நிமிடம். திறந்து பாருங்கள். ஓரம் லேசாகச் சிவந்து, விரலால் தொட்டால் மேல் பக்கம் காய்ந்திருக்கும். திருப்பிப் போட்டு மறுபடி மெலிதாக எண்ணெய் தடவி நான்கு நிமிடம். கடைசியாக 200 டிகிரியில் இரண்டு நிமிடம். நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வந்தால் எடுத்துவிடலாம்.

நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள். எண்ணெயில் வரும் செக்கச்சிவப்பு இதில் வராது, வரும் வரை வைத்தால் உள்ளே வறண்டுபோகும். பொன்னிறமும் அங்கங்கே சிவப்புப் புள்ளிகளும் போதும்.

இரண்டாம் சுற்றுக்குச் சூடு செய்ய வேண்டியதில்லை. மெஷின் ஏற்கெனவே கொதித்திருப்பதால் முதல் ஒன்பது நிமிடத்தை ஏழாகக் குறையுங்கள். கூடை சிறியதாக, கம்பிச்சுருள் வடைக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின்களில் முதல் சுற்றிலேயே முதல் பக்கம் ஏழு நிமிடத்தில் முடியலாம். கதவு வைத்த அவன் வகை என்றால் இரண்டு நிமிடம் கூடும். அதனால் முதல் முறை ஏழாவது நிமிடத்தில் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஒரு சுற்று என்று பார்த்தால் எண்ணெயில் ஐந்து ஆறு நிமிடத்தில் முடிவது இங்கே பதினைந்து நிமிடம் ஆகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் காயக் காத்திருப்பது, மூன்று நான்கு ஈடாகப் போட்டு எடுப்பது, அடுப்பைத் துடைப்பது, மீந்த எண்ணெயை என்ன செய்வது என்று யோசிப்பது எல்லாம் போகிறது. அடுப்பு முன்னால் நிற்கும் நேரம் திருப்பிப் போடும் ஒரு நிமிடம்தான். அந்த நேரத்தில் சட்னியும் டீயும் ஆகிவிடும்.

எடுத்த பிறகு

கம்பித் தட்டில் மூன்று நிமிடம் ஆற விடுங்கள், மொறுமொறுப்பு அப்போதுதான் முழுமையாகும். ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் அதன் ஆவியிலேயே நமுத்துவிடும். இந்த வடைக்கு ஆயுள் அரை மணி நேரம். அதற்குப் பிறகு எண்ணெய் வடையைவிடச் சீக்கிரம் இறுகும், எனவே விருந்தாளி வாசலுக்கு வந்த பிறகு இரண்டாம் சுற்றை வையுங்கள். மிஞ்சியதை 160 டிகிரியில் நான்கு நிமிடம் வைத்தால் ஓரளவு மீளும். அதைவிட நல்ல வழி, மறுநாள் காலை உதிர்த்து வடகறியில் போடுவது. எண்ணெய் குறைவு என்பதால் குழம்பை நன்றாக உறிஞ்சும். சைதாப்பேட்டை வடகறி சாப்பிட்டுப் பழகிய என் மாமியாருக்கு வடையாக இருக்கும்போது இதில் அரை மனதுதான். வடகறியில் மட்டும் குறை சொல்லவில்லை.

மற்ற பலகாரங்களுக்கு

இதே முறையில் வாழைப்பூ வடையும் கீரை வடையும் நன்றாக வரும். கீரையை அலசியதும் பிழிந்துவிட வேண்டும், இல்லையென்றால் பருப்பை ஒற்றியெடுத்ததெல்லாம் பயனற்றுப் போகும். கட்லெட் இன்னும் சுலபம், ரொட்டித் தூளை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பிசறிவிட்டுப் புரட்டுங்கள், தனியே தடவ வேண்டாம். பழைய குறிப்பில் எண்ணெயில் ஐந்து நிமிடம் என்று இருந்தால் இதில் இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு என்று கணக்கு வைத்துத் தொடங்கலாம். உறைய வைத்த சமோசா பாக்கெட்டில் அவன் நேரம் போட்டிருந்தால் கணக்கு தலைகீழ்: சூட்டில் 20 டிகிரி குறைத்து, நேரத்தில் கால் பங்கைக் குறையுங்கள். 200 டிகிரியில் இருபது நிமிடம் என்றிருப்பது 180 டிகிரியில் பதினைந்து ஆகும்.

அப்பளத்துக்கு இரண்டு பக்கமும் எண்ணெய் தொட்டுத் தடவி, 180 டிகிரியில் ஒன்றரை இரண்டு நிமிடம். பறக்காமல் இருக்க மேலே கம்பி ஸ்டாண்டைக் கவிழ்த்து வையுங்கள்.

பஜ்ஜியும் உளுந்து வடையும் வேண்டாம். பஜ்ஜி மாவு தோல் கட்டுவதற்கு முன்பே கூடையின் ஓட்டை வழியே சொட்டிவிடும். உளுந்து மாவு எண்ணெயில் விழுந்ததும் உப்பி உருண்டு வருவதுதான் அந்த வடை, காற்றில் அது நடக்காது. அந்த இரண்டுக்கும் வாணலியை எடுத்துவிடுங்கள்.