பாப்பாவுக்குப் பின்னால்

வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதை செந்தில் நிறுத்தியதற்கு இரண்டு பெண்கள் காரணம். பூம்பாறையில் அம்மாவின் போன் நிரம்பி வழிந்து, புதுப் படம் எதுவும் இறங்கவில்லை. டொராண்டோவில் நித்யா வேறு, "அத்தை ஸ்டேட்டஸ்ல வெச்ச பாப்பா படத்தை எங்க சித்தி பொண்ணு எனக்கே அனுப்பி வைக்கிறா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சரி, கூகுள் போட்டோஸில் ஒரு ஆல்பம் போட்டு அம்மாவை மட்டும் சேர்த்துவிடலாம், லிங்க் கையில் இருக்கிறவர்கள் எல்லாம் பார்க்கிற மாதிரி விட வேண்டாம், போனிலும் இடம் பிடிக்காது என்று முடிவு செய்தான். அம்மாவின் கூகுள் கணக்கு கொடைக்கானலில் போன் வாங்கியபோது கடைக்காரத் தம்பி போட்டுக் கொடுத்தது, அதன் பாஸ்வேர்டு அந்தத் தம்பிக்கே மறந்திருக்கும். நல்லவேளை, தேவைப்படவில்லை. வீட்டுக்குள் சிக்னல் நிற்காததால், குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் போய் நின்று, எதிர்ப்பட்ட காலேஜ் பையனிடம் போனை நீட்டி, அம்மா ஆல்பத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

இதில் ஒரு வசதி உண்டு. பாப்பாவின் முகத்தை ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், அந்த முகம் இருக்கிற படங்களை ஆல்பம் தானாகவே சேர்த்துக்கொள்ளும். ராத்திரித் தூக்கம் என்பதையே மறந்துபோன வீட்டில் யார் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பொறுக்குவது? அதை ஆன் செய்துவிட்டு செந்தில் மறந்தும் போனான்.

முதலில் வெறும் இதயங்கள்தான் வந்தன. பாப்பா கொட்டாவி விட்டால் ஒரு இதயம், குப்புற விழுந்தால் ஒரு இதயம். அப்புறம் போன் வந்தது.

"ஏப்பா, நித்யாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட நேரம் இல்லையா? கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு. பூண்டுக் குழம்பு வெச்சுக் குடுக்கறியா இல்லையா?"

"வைக்கிறேம்மா."

"எங்க வைக்கிற? அடுப்படியில எந்தப் படத்துலயும் பூண்டையே காணோம். ரொட்டிப் பாக்கெட்டுதான் இருக்கு."

மலைப்பூண்டைப் பிடுங்கி, கட்டி, அடுப்புப் புகையில் தொங்கவிட்டே ஆயுசைக் கழித்தவளிடம் பூண்டு விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது. அவன் பேச்சை மாற்றினான். நித்யா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அதையும் சொல்லிடுங்க" என்று வாயை மட்டும் அசைத்தாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

அடுத்த வாரம் அம்மா கூப்பிட்டபோது பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"வேலை போயிருச்சாப்பா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பாப்பா உன் மடியில கெடக்கு, நீ பனியனோட உக்காந்திருக்க, ஜன்னல்ல உச்சி வெயில் அடிக்குது. படத்து மேல புதன்கிழமைன்னு போட்டிருக்கு. அடுத்ததுல வியாழக்கிழமை. போன வாரமும் அப்படித்தான். எந்தக் கம்பெனிக்காரன் இத்தன நாளு லீவு குடுப்பான்?"

செந்திலுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் "எல்லாம் நல்லாருக்கோம்மா, ஆபீஸ்லதான் வேலை கொஞ்சம் ஜாஸ்தி" என்று எவ்வளவு கவனமாகச் சொல்லி வந்திருந்தான். குரல் பிசகாமல் இருக்க, நடந்துகொண்டே வேறு பேசுவான்.

"தேடிக்கிட்டுதாம்மா இருக்கேன். ரெண்டு எடத்துல கூப்பிட்டிருக்காங்க."

"கூப்பிடட்டும். வடுகபட்டியில பூண்டு போட்ட காசு அப்படியே இருக்கு. அனுப்பச் சொல்றேன்."

"அதெல்லாம் வேணாம்மா. இங்க சமாளிக்கலாம்."

"உனக்கு யாருடா குடுத்தா? அது பாப்பாவுக்கு. போன மருமகட்ட குடு."

நித்யா போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே செந்திலுக்கு "ஆமாங்கத்தை", "இல்லைங்கத்தை" என்பது மட்டும்தான் கேட்டது, நடுவில் ஒரு தடவை அழுகிற மாதிரியும் கேட்டது. அதற்குள் அவன் ஆல்பத்தைத் திறந்து அந்தத் தானாகச் சேர்க்கிற வசதியைத் தேடிக்கொண்டிருந்தான், அணைத்துவிட.

திரும்பி வந்தவள் அவன் கையைப் பார்த்தாள்.

"எதுக்கு அதை நிறுத்தறீங்க? இனிமே மறைக்க என்ன இருக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கி, முதல் படத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்தாள். இருவருமே பாப்பாவைப் பார்க்கவில்லை. சிங்க்கில் அடுக்கின பாத்திரம், மடிக்காத துணி மூட்டை, சோபாவில் அவன் தலையணை, இரண்டு பேரும் ஒரே படத்தில் இல்லாத வாரங்கள்.

"நாம சண்டை போட்டதும் அத்தைக்குத் தெரியுமோ?"

"கேட்டாங்களா?"

"இல்ல. சோபா குளிருக்கு ஆகாது, அவனை உள்ள வந்து படுக்கச் சொல்லுன்னாங்க."