எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது

எல்லோருக்கும் காலை வணக்கம். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம், ஏனென்றால் இன்று நான் பேசப்போவது முக்கியமாக உங்களுக்குத்தான். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதைப் பிறகு கணக்குப் புத்தகத்தில் பார்ப்பீர்கள், அப்போது அதற்கு வகைக்கெழு என்று பெயர் இருக்கும். இன்றைக்கு அந்தப் பெயரை மறந்துவிடலாம்.

முதலில் ஒரு வேலை. இந்த மேசையில் பீக்கர் நிறைய வெந்நீர் இருக்கிறது, அதில் ஒரு வெப்பமானி. இப்போது 80 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது, இந்த அறையின் வெப்பநிலை 30 டிகிரி. நான் பத்து நிமிடம் பேசுவேன். முடிக்கும்போது இது எத்தனை டிகிரி காட்டும் என்று உங்கள் கையில் உள்ள துண்டுச்சீட்டில் இப்போதே எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத வேண்டாம்.

சரி, எழுதியாயிற்றா? அப்புறம் ஒரு கேள்வி. இரண்டு கைபேசிகள், இரண்டிலும் 40 சதவீதம் சார்ஜ். எது நல்ல நிலையில் இருக்கிறது? இரண்டும் ஒன்றுதானே என்று சிலர் தலையாட்டுகிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒன்றில் 70 இருந்தது, இன்னொன்றில் 10 இருந்தது என்று சொன்னால்? முதல் கைபேசி இன்னும் ஒரு மணி இருபது நிமிடத்தில் அணைந்துவிடும் போலிருக்கிறது, இரண்டாவது இரண்டு மணி நேரத்தில் நிறைந்துவிடும். அதே 40தான், ஆனால் ஒன்று மணிக்கு 30 இறங்குகிறது, மற்றது மணிக்கு 30 ஏறுகிறது. இந்த "மணிக்கு 30" என்பதைத்தான் மாறுவீதம் என்கிறோம். எவ்வளவு மாறியது என்பதை, அது மாற எடுத்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது. அவ்வளவுதான், இதற்கு மேல் கடினமான விளக்கம் எதுவும் இல்லை.

காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தைக்கு 101 டிகிரி ஃபாரன்ஹீட் என்று சொன்னால் மருத்துவர் உடனே "நேற்று எவ்வளவு இருந்தது?" என்று கேட்பார். 103இலிருந்து இறங்கி வந்த 101 வேறு, 99இலிருந்து ஏறிய 101 வேறு. நாம் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுப் பழகியிருக்கிறோம். "எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கமாக?" என்ற இரண்டாவது கேள்விதான் பல நேரங்களில் உண்மையைச் சொல்கிறது.

இப்போது உங்கள் எல்லோருக்கும் நடந்திருக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். குழாயடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடிக்கிறீர்கள். தண்ணீர் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது, நீங்கள் நிதானமாக நிற்கிறீர்கள், திடீரென்று கழுத்து வழியாகப் பொங்கிக் கையெல்லாம் நனைத்துவிடுகிறது. கவனக்குறைவு என்று திட்டு வாங்கியிருப்பீர்கள். ஆனால் அதில் கவனக்குறைவு மட்டும் இல்லை, ஒரு நல்ல கணக்கு இருக்கிறது.

குழாயிலிருந்து ஒரு நொடிக்கு 50 மில்லிலிட்டர், அதாவது 50 கன சென்டிமீட்டர் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலின் உடல் 8 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் தண்ணீர் மட்டம் நொடிக்கு 1 சென்டிமீட்டர் ஏறும், கண்ணால் நன்றாகத் தொடரலாம். கழுத்தின் விட்டம் இரண்டரை சென்டிமீட்டர், பரப்பு வெறும் 5 சதுர சென்டிமீட்டர். குழாய் மாறவில்லை, அதே 50 மில்லிலிட்டர்தான் வருகிறது, ஆனால் இடம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதால் மட்டம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் பாய்கிறது. கழுத்தின் உயரம் 3 சென்டிமீட்டர் என்றால் அதைக் கடக்க 0.3 நொடி போதும். கண் பார்த்து, மூளை முடிவு செய்து, கை அசையத் தொடங்கவே கால் நொடி அளவுக்கு ஆகிவிடும், அப்புறம் குழாயைத் திருக வேறு நேரம் வேண்டுமே! அதனால்தான் பொங்குகிறது. கழுத்து வருவதற்கு முன்பே குழாயைச் சிறிதாக்குகிறவர் மாறுவீதத்தைப் புரிந்துகொண்டவர், அவருக்கு அந்த வார்த்தை தெரியாவிட்டாலும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரின் அளவு ஒரே சீராகக் கூடுகிறது, மட்டம் அப்படிக் கூடவில்லை. ஒரே நிகழ்வில் இரண்டு வீதங்கள். எதன் வீதத்தைப் பார்க்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் குழப்பம்தான், தேர்வில் நிறையப் பேர் தவறவிடும் இடமும் இதுவே.

அடுத்தது வேகம். ஒரு பேருந்து ஒன்றரை மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் போனது என்றால் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். ஆனால் வழியில் எத்தனை தடவை நின்றது, எத்தனை தடவை 70இல் பறந்தது என்று அந்த 40 சொல்லாது. ஓட்டுநர் முன்னால் உள்ள முள் சொல்வது "இந்த நொடியில்" உள்ள வேகத்தை. இங்கேதான் ஒரு அருமையான சிக்கல் வருகிறது. ஒரே ஒரு கணத்தில் வண்டி நகரும் தூரம் சுழியம், எடுக்கும் நேரமும் சுழியம். சுழியத்தைச் சுழியத்தால் எப்படி வகுப்பது?

வகுக்க வேண்டாம், நெருங்கிப் போனால் போதும். ஒரு கல்லை உயரத்திலிருந்து விடுகிறோம். எளிமைக்காக, அது விழும் தூரம் மீட்டரில் 5 பெருக்கல் நேரத்தின் வர்க்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் நொடி முடியும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன? 1ஆம் நொடியிலிருந்து 2ஆம் நொடி வரை பார்த்தால் 15 மீட்டர் விழுகிறது, சராசரி நொடிக்கு 15 மீட்டர். இடைவெளியைச் சுருக்கி 1இலிருந்து 1.1 வரை பார்த்தால் சராசரி 10.5. இன்னும் சுருக்கி 1.01 வரை பார்த்தால் 10.05. 1.001 வரை பார்த்தால் 10.005. எங்கே போகிறது என்று தெரிகிறதா? ஆமாம், பின்வரிசையில் ஒருவர் சொல்லிவிட்டார், 10தான். அந்த 10தான் அந்தக் கணத்தின் வேகம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த நியூட்டனும் ஜெர்மனியைச் சேர்ந்த லைப்னிட்ஸும் தனித்தனியாக உருவாக்கிய நுண்கணிதத்தின் மூச்சு இந்தச் சுருக்கிப் பார்க்கும் வித்தையில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போய் 2ஆம் நொடிக்கு நீங்களே செய்து பாருங்கள், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

வேகமே ஒரு மாறுவீதம், அந்த வேகமும் மாறும். அதற்கு முடுக்கம் என்று பெயர். நம் உடம்புக்குத் தெரிவது உண்மையில் இதுதான். மின்தூக்கி கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது, நடுவில் சீராகப் போகும்போது எதுவும் தெரிவதில்லை. பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது, நாம் இங்கே அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்! வேகம் பெரிதாக இருந்தாலும் அது மாறும் வீதம் மிகவும் சிறியது, அதனால் உடம்புக்கு எட்டுவதில்லை.

வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிக்கிறோமே, அது ஏன்? பந்து எப்படியும் நிற்கத்தான் போகிறது. நூறில் ஒரு நொடியில் நின்றால் கை எரியும், பத்தில் ஒரு நொடியில் நின்றால் கையில் படும் விசை சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு. காரில் இருக்கும் சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் இதே வேலையைத்தான் செய்கின்றன, உடம்பு நிற்க எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டித் தருகின்றன. அந்தக் கொஞ்ச நேரம் உயிர் பிழைப்பதற்கும் பிழைக்காமல் போவதற்கும் நடுவில் நிற்கிறது. பெல்ட் போடச் சொல்லி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்று சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் இன்னொன்று. ஒரு வண்டியின் பிரேக் ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு 5 மீட்டர் குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 மீட்டரில் வந்த வண்டி 2 நொடியில் நிற்கும், அந்த நேரத்தில் சராசரி வேகம் 5, எனவே 10 மீட்டர் ஓடும். 20 மீட்டரில் வந்தால்? நிற்க 4 நொடி, சராசரி வேகம் 10, ஓடும் தூரம் 40 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. "கொஞ்சம்தானே வேகமாகப் போனேன்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது, அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இலிருந்து காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடை அளந்து வருகிறார்கள். தொடங்கியபோது காற்றின் 10 லட்சம் பங்குகளில் ஏறக்குறைய 315 பங்கு, இப்போது 420க்கும் மேல். எனக்குக் கவலை தருவது அந்த 420ஐவிட இன்னொரு எண். 1960களில் ஆண்டுக்கு 1 பங்குக்கும் குறைவாகக் கூடியது, இப்போது ஆண்டுக்கு 2 பங்குக்கு மேல் கூடுகிறது. கூடுவது மட்டுமில்லை, கூடும் வீதமே கூடியிருக்கிறது. வரைபடத்தில் கோடு மேலே போகிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், அது வளைகிறதா என்றும் பாருங்கள்.

சரி, பீக்கருக்கு வருவோம். நேற்று மாலை இதே அளவு வெந்நீரை இதே பீக்கரில் வைத்து அளந்தோம். 80இல் தொடங்கி, முதல் ஐந்து நிமிடத்தில் 9 டிகிரி இறங்கியது. அப்படியானால் அடுத்த ஐந்து நிமிடத்திலும் 9 இறங்கி 62 வர வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வரவில்லை. இறங்கியது 7தான், 64 வந்தது. தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது வேகமாக ஆறும், வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும். நியூட்டன் 1701இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ள கருத்து இது. பாதி ஆறிய தண்ணீர் முழுதாக ஆற ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோமே, அதற்கும் இதுதான் காரணம்.

மதியம் வரை இந்த பீக்கர் எட்டாம் வகுப்பு அறையில் இருக்கும், பக்கத்தில் ஒரு வரைபடத் தாளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து ஒரு புள்ளி வையுங்கள். இன்று மின்விசிறி ஓடுகிறது, நேற்று ஓடவில்லை, அதனால் இன்றைய எண் நேற்றைய எண்ணாக இருக்காது என்பது என் கணிப்பு. இப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து வெப்பமானியைப் படித்துச் சொல்லுங்கள், மற்றவர்கள் துண்டுச்சீட்டைப் பிரியுங்கள்.