இணைப்பு: ஐந்தாண்டு வாடகை அட்டவணை

நம்மில் 1வது நபரான இட உரிமையாளரும் 2வது நபரான வாடகைதாரரும் 800 சதுர அடி தரைத்தள அலுவலக இடத்துக்காக எழுதிக்கொண்ட குத்தகை ஒப்பந்தத்தின் பகுதி இது. ஒப்பந்தத்தின் மற்றப் பக்கங்களில் வாடகை பற்றிச் சொல்லியிருப்பதும் இந்த அட்டவணையும் எங்கேனும் முரண்பட்டால், தொகையைப் பொறுத்தவரை இந்த அட்டவணையே செல்லும்.

குத்தகைக் காலம் 1.4.2026 முதல் 31.3.2031 முடிய 60 மாதங்கள். உள்வேலைகளுக்காகச் சாவி 1.3.2026 அன்றே ஒப்படைக்கப்படுகிறது. அந்த ஒரு மாதத்துக்கு வாடகையோ பராமரிப்புக் கட்டணமோ கிடையாது. அது 60 மாதக் கணக்கிலும் சேராது. அந்த மாதத்தில் எரியும் மின்சாரத்துக்கான கட்டணத்தை மட்டும் 2வது நபர் கட்ட வேண்டும்.

வாடகை

| ஆண்டு | காலம் | மாத வாடகை (ரூ.) | ஆண்டு வாடகை (ரூ.) | அதுவரை மொத்தம் (ரூ.) |
|---|---|---|---|---|
| 1 | 1.4.2026 – 31.3.2027 | 40,000 | 4,80,000 | 4,80,000 |
| 2 | 1.4.2027 – 31.3.2028 | 42,000 | 5,04,000 | 9,84,000 |
| 3 | 1.4.2028 – 31.3.2029 | 44,100 | 5,29,200 | 15,13,200 |
| 4 | 1.4.2029 – 31.3.2030 | 46,305 | 5,55,660 | 20,68,860 |
| 5 | 1.4.2030 – 31.3.2031 | 48,620 | 5,83,440 | 26,52,300 |

ஐந்தாண்டு வாடகை மொத்தம் ரூ. 26,52,300 (ரூபாய் இருபத்தாறு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து முந்நூறு).

இத்துடன் பொதுப் பகுதிகளின் பராமரிப்புக்கு மாதம் ரூ. 3,000. இந்தத் தொகை ஐந்தாண்டும் உயராது. 60 மாதத்துக்கு ரூ. 1,80,000. இரண்டும் சேர்ந்து செலுத்த வேண்டிய முழுத்தொகை ரூ. 28,32,300 (ரூபாய் இருபத்தெட்டு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து முந்நூறு).

உயர்வைக் கணக்கிட்ட விதம்

ஆண்டுக்கு 5 சதவீதம் என்று பேசி முடித்தோம். அந்த 5 சதவீதம் முந்தைய ஆண்டு வாடகையின் மீது. தொடக்க வாடகையான 40,000-இன் மீது அல்ல. இதைத் தெளிவாக எழுதாமல் விடுவதால்தான் பின்னால் பேச்சு வளர்கிறது. ஆண்டுதோறும் 2,000 ரூபாய் மட்டும் கூடும் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தாண்டு வாடகை ரூ. 26,40,000 வரும். நாம் ஒப்புக்கொண்ட முறையில் அதைவிட ரூ. 12,300 அதிகம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்தேதான் இருவரும் கையெழுத்திடுகிறோம்.

ஐந்து ஆண்டுகளில் உயர்வு நான்கு முறைதான் வருகிறது. முதல் ஆண்டுக்கு உயர்வு இல்லை. ஐந்தாம் ஆண்டு வாடகை முதல் ஆண்டைவிட மாதம் ரூ. 8,620 கூடுதலாக இருக்கும்.

மாத வாடகை முழு ரூபாயாக எழுதப்பட்டுள்ளது. ஐந்தாம் ஆண்டுக்குக் கணக்கு ரூ. 48,620.25 என்று வந்தது. 25 காசு தள்ளுபடி. வேறு எந்த ஆண்டிலும் காசு வரவில்லை.

தொடக்க வாடகை சதுர அடிக்கு ரூ. 50 என்ற கணக்கில் பேசப்பட்டது. ஆனாலும் இனி இடத்தை யார் அளந்து எவ்வளவு கண்டாலும் அட்டவணைத் தொகை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சந்தையில் வாடகை ஏறியது, இறங்கியது என்ற காரணமும் செல்லாது.

உயர்வு அமலாகும் நாள்

ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் புதிய வாடகை தானாகவே அமலுக்கு வரும். 1வது நபர் கடிதமோ நினைவூட்டலோ அனுப்பத் தேவையில்லை. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தால், ஏப்ரல் தவணைக்கு முன் தொகையை மாற்றிவிடுவது 2வது நபரின் பொறுப்பு. பழைய வாடகையே வந்து, 1வது நபர் அதைப் பெற்றுக்கொண்டாலும் உயர்வை அவர் விட்டுக்கொடுத்ததாகாது. குறைந்த தொகை பாக்கியாகவே நிற்கும். அப்படிக் குறைந்ததைக் கண்டதும் 1வது நபரும் பேசாமல் இருந்துவிடாமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவித்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் அந்தக் குறைவுக்கு வட்டி கிடையாது.

செலுத்தும் நாளும் தாமதமும்

அந்தந்த மாத வாடகையையும் பராமரிப்புக் கட்டணத்தையும் அந்த மாதம் 5ஆம் தேதிக்குள் 1வது நபரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். 10ஆம் தேதி வரை வட்டி இல்லை. அதையும் தாண்டினால் 6ஆம் தேதியிலிருந்து கணக்கிட்டு, பாக்கித் தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி, நாள் கணக்கில். இரண்டாம் ஆண்டில் 42,000 ரூபாய் வாடகை 15ஆம் தேதி வந்தால் 10 நாளுக்கு வட்டி ரூ. 138. வட்டிக்கு வட்டி கிடையாது.

வாடகையில் சட்டப்படி வரி பிடித்தம் செய்ய வேண்டியிருந்தால், 2வது நபர் பிடித்து அரசுக்குக் கட்டிய தொகையும் வாடகை செலுத்தியதாகவே கொள்ளப்படும். அதற்கான சான்றிதழை அவர் தர வேண்டும். வாடகையின் மேல் விதிக்கப்படும் வரி ஏதேனும் பொருந்தினால் அது 2வது நபரைச் சேர்ந்தது. மேலே கண்ட மொத்தங்களில் அப்படிப்பட்ட வரி எதுவும் இல்லை. மின்கட்டணமும் இல்லை.

முழுத்தொகை எதைக் குறிக்கிறது

28,32,300 ரூபாய் என்பது 2வது நபர் 60 மாதமும் இடத்தில் இருந்தால் கட்டும் தொகை. அது இன்றே ஏற்பட்டுவிட்ட கடன் அல்ல. இடையில் காலி செய்தால் முழுத்தொகையையும் கேட்க 1வது நபருக்கு உரிமை இல்லை.

இதற்கு ஒரே வரம்பு முதல் இரண்டு ஆண்டுகள். அந்த 24 மாதத்துக்கான வாடகை ரூ. 9,84,000-ஐ 2வது நபர் இருந்தாலும் காலி செய்தாலும் கட்ட வேண்டும். உதாரணமாக 30.9.2027 அன்று சாவியைத் திருப்பித் தந்தால், மீதி 6 மாதத்துக்கு ரூ. 2,52,000 கட்டவேண்டி வரும். அந்த மீதி மாதங்களுக்குப் பராமரிப்புக் கட்டணம் வேண்டாம். அந்த 6 மாதத்துக்குள் இடம் வேறொருவருக்கு வாடகைக்குப் போனால், அவரிடமிருந்து அக்காலத்துக்குக் கிடைக்கும் வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டுமே 1வது நபர் பெறலாம். ஒரே இடத்துக்கு இரண்டு வாடகை வாங்குவது நியாயமில்லை.

1.4.2028-க்குப் பிறகு 3 மாத முன்னறிவிப்புடன் காலி செய்யலாம். சாவி தரும் நாள் வரை மட்டுமே வாடகை. மாதத்தின் நடுவில் முடிந்தால் அந்த மாத வாடகையை அந்த மாதத்தின் நாட்களால் வகுத்து, இருந்த நாட்களால் பெருக்க வேண்டும். 10.2.2029 அன்று ஒப்படைத்தால் 44,100-ஐ 28-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்க, ரூ. 15,750. பராமரிப்புக் கட்டணம் மட்டும் முழு மாதத்துக்கும் உண்டு.

முன்பணம்

முன்பணம் ரூ. 4,00,000 இந்த மொத்தங்களில் சேராது. அது 2வது நபருக்குத் திரும்ப வேண்டிய பணம். வாடகை உயர்ந்தாலும் முன்பணத்தை உயர்த்தக் கேட்கக் கூடாது. அதேபோல, கடைசி மாத வாடகைகளை முன்பணத்தில் கழித்துக்கொள்ளும்படி 2வது நபரும் சொல்லக் கூடாது. இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே கழிக்கலாம். சாவி திரும்பிய 30 நாளுக்குள், பாக்கி இருந்தால் அதை மட்டும் பட்டியலிட்டுக் கழித்து, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

31.3.2031-க்குப் பிறகும் தொடர விரும்பினால் புதிய ஒப்பந்தமும் புதிய அட்டவணையும் எழுதிக்கொள்ள வேண்டும். பேச்சு முடியும் வரை 1வது நபரின் எழுத்துச் சம்மதத்துடன் இடத்தில் இருக்கும் மாதங்களுக்கு வாடகை ரூ. 48,620-தான், ஆறாம் ஆண்டு உயர்வு என்று ஒன்று இந்த அட்டவணையில் இல்லை.

மேற்கண்ட தொகைகளை இருவரும் தனித்தனியே கூட்டிப் பார்த்து, சரியென்று கண்டு, முழு மனதுடன் சம்மதித்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் 20.2.2026 அன்று இரண்டு பிரதிகளில் கையொப்பமிட்டோம். ஆளுக்கொரு பிரதி.